குட்டியானை விபத்து: கம்பெனி கேட்ட 11 கேள்விக்கு எவ்வளவு எழுதுவது?

கேள்வி: "அண்ணாச்சி, எங்க குட்டியானை களக்காட்டுல இருந்து வாழைத்தார் ஏத்திட்டு விடியக்காலம் வரும்போது, பத்தமடை பக்கம் ஒரு பைக்ல மோதிட்டு. ஓட்டினது என் தம்பி. நான் வண்டியில இல்ல. பைக்காரர் கால் முறிஞ்சு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில இருக்காரு. நம்ம இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து 'கூடுதல் விவரம் தேவை'ன்னு 11 கேள்வியோட லெட்டர், 7 நாள்ல பதில் வேணுமாம். உண்மையை எழுதினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமா? எழுதாட்டி கிளைம் போயிருமா? நான் எழுதி வச்சிருக்கது இது: 'என் தம்பி தூக்கக் கலக்கத்தில் வேகமாக வந்ததால் பைக் மீது மோதிவிட்டார். எங்கள் தரப்புத் தவறுக்கு வருந்துகிறோம். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். வண்டிக்கு பர்மிட் இல்லை, தம்பிக்கு பேட்ஜ் இல்லை. போன வருஷமும் ஒரு தடவை வண்டி இடிபட்டது.' இது போதுமா, கூடிப்போச்சா?"

நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு பொதுத்துறை காப்பீட்டு நிறுவனத்தின் மோட்டார் கிளைம் பிரிவில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கையில் இருப்பதைப் போன்ற கடிதங்களை அனுப்பியதும், வந்த பதில்களைப் படித்ததும்தான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் எழுதி வைத்திருப்பதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அதில் பொய் இருக்கிறது என்பதல்ல காரணம். உங்களுக்குத் தெரியாததும், உங்களிடம் கேட்காததும், சட்டப்படி சரியில்லாததும் அதில் கலந்து கிடக்கின்றன.

முதலில் கம்பெனி ஏன் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். இந்த விபத்திலிருந்து இரண்டு கிளைம் வரும். ஒன்று உங்கள் வண்டி ரிப்பேருக்கு நீங்கள் கேட்பது. நீங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தால், தம்பி கவனக்குறைவாக ஓட்டியிருந்தாலும் அந்தப் பணம் கிடைக்கும். ஓட்டுநரின் கவனக்குறைவு ரிப்பேர் கிளைமை மறுக்கக் காரணமாகாது. மனிதர்கள் கவனம் தப்புவார்கள் என்பதற்குத்தானே இன்சூரன்ஸ் போடுகிறோம்? இரண்டாவது, பைக்காரர் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டுப் போடப்போகும் வழக்கு. அதில் யார் தப்பு என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அதை முடிவு செய்வது தீர்ப்பாயம். பணம் கொடுக்க வேண்டி வந்தால், பாலிசி நிபந்தனை எதுவும் மீறப்படாத வரை கொடுப்பது கம்பெனி. ஆகவே இந்தக் கடிதத்தில் கம்பெனி தேடுவது பெரும்பாலும் "யார் தப்பு" என்பதை அல்ல. ஓட்டியவர் யார், அவருக்கு அன்றைக்கு லைசென்ஸ் இருந்ததா, எஃப்சி நடப்பில் இருந்ததா, வண்டியில் எத்தனை பேர், என்ன சரக்கு, குடித்திருந்தாரா, இதையெல்லாம்தான் தேடுகிறது. கிளைம் போவது இந்த இடங்களில். அதைவிட அதிகமாகப் போவது, இவற்றில் ஏதாவது ஒன்றை மறைத்துப் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது.

பாலிசி புத்தகத்தை எடுத்து 'நிபந்தனைகள்' என்ற பகுதியைப் பாருங்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் வழக்கமாக வரும் வாசகத்தில் முதல் நிபந்தனை, விபத்து நடந்தால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதன்பிறகு கம்பெனி கேட்கும் எல்லா விவரமும் உதவியும் தர வேண்டும், கோர்ட்டிலிருந்து சம்மனோ வக்கீல் நோட்டீஸோ வந்தால் உடனே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. இரண்டாவது நிபந்தனை, கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் நீங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்கிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. விவரம் முழுவதும் கொடு, தீர்ப்பை மட்டும் சொல்லாதே என்று கம்பெனியே உங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறது. ஆகவே "தப்பு எங்களுடையது" என்று எழுதாமல் விடுவது மறைப்பதாகாது. பாலிசி கேட்பதே அதுதான்.

சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு, விபத்துக்குப் பிறகு கம்பெனிக்கு எழுத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தானே பட்டியல் போடுகிறது. பாலிசி எண்ணும் அதன் காலமும், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம்பட்டவர் அல்லது இறந்தவர் விவரம், ஓட்டுநர் பெயர், லைசென்ஸ் விவரம், அவ்வளவுதான். யார் தவறு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இதற்கு மேல் கம்பெனி கேட்பது பாலிசியின் முதல் நிபந்தனையை வைத்துக் கேட்பது. அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்பவர் யார் என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உங்கள் பாலிசி எண்ணும் கிளைம் எண்ணும் இருக்கிறதா? இருந்தால் அது உங்கள் கம்பெனி. உங்களுக்குச் சாதகமில்லாத விவரம் உட்பட எல்லாவற்றுக்கும் நேர்மையாகப் பதில் தர நீங்கள் கடமைப்பட்டவர். பைக்காரர் தரப்பு வக்கீலோ, வேறு யாரோ போனில் "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டால் அந்தக் கடமை கிடையாது. உங்கள் கம்பெனி பெயரையும் பாலிசி எண்ணையும் கண்டிப்பாகக் கொடுங்கள். மற்றதைக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி, அழைத்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக் கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

இனி உங்கள் வரைவை வரி வரியாகப் பார்க்கலாம். "தூக்கக் கலக்கத்தில் வேகமாக வந்ததால்" என்று தொடங்குகிறீர்கள். நீங்கள் வண்டியில் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு தூக்கக் கலக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்? தம்பி சொன்னாரா, விடியக்காலம் என்பதால் நீங்களாக நினைத்துக்கொண்டதா? இப்படிப்பட்ட வரிகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பாதிக்குமேல் வீட்டுப் பெரியவர் கோபத்தில் சொன்னது, கடிதத்தில் உண்மை போல ஏறியிருக்கும். அந்த வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், நாளைக்குத் தம்பி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் முன்னால் நிற்பது அண்ணன் எழுதியதுதான்.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் தம்பியை உட்கார வைத்துக் கேளுங்கள். களக்காட்டில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார், பைக்கை முதன்முதலில் எங்கே பார்த்தார், அப்போது எவ்வளவு தூரம், எந்த கியரில் இருந்தார், பிரேக் பிடித்தது மோதுவதற்கு முன்னாலா பின்னாலா, வண்டியின் எந்த இடம் பைக்கின் எந்த இடத்தில் பட்டது. "ஏன் மோதினே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வருவது காரணம். காரணம் எப்போதுமே பாதி யூகம். "எங்கே பார்த்தே, அப்புறம் என்ன செஞ்சே?" என்று கேட்டால் நடந்தது வரும்.

உண்மையிலேயே கண் அசந்துவிட்டேன் என்று தம்பி சொன்னால் என்ன செய்வது? அப்போது "விழிப்பாக ஓட்டினார்" என்று எழுதக்கூடாது. அது பொய். அந்த நிலையில் ஓட்டுநர் வாக்குமூலம் எழுதுவதற்கு முன், போலீஸ் வழக்கைப் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் தம்பியை அழைத்துப் போங்கள். காயம் ஏற்பட்டிருப்பதால் தம்பி மேல் கிரிமினல் வழக்கு தனியாக நடக்கும். அந்தப் பக்கம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டியவர் வக்கீல், நான் அல்ல. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கம்பெனிக்கு எழுதும் கடிதம் கம்பெனி அலமாரிக்குள்ளேயே இருந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தீர்ப்பாயத்தில் அது சான்றாவணமாகக் குறியிடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று. எதிரில் வந்த பைக் வளைவில் வலதுபக்கம் ஏறி வந்திருந்தது. போலீஸ் வரைபடத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வேன் உரிமையாளர், "தப்பை ஒத்துக்கிட்டா பணம் சீக்கிரம் வரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "எங்கள் டிரைவரின் முழுக் கவனக்குறைவால்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பைக்காரர் பேரிலும் ஒரு பங்கு கவனக்குறைவு உண்டு என்று வாதாடுவதற்கு வரைபடம் இடம் கொடுத்தது. அந்த வாதத்தை எழுப்பியதும் எதிர்த்தரப்பு வக்கீல் செய்த முதல் காரியம், அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்ததுதான். முழுக் கவனக்குறைவு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவர் அன்றைக்கு மில்லில் இருந்தவர்.

இரண்டாவது வரி, "எங்கள் தரப்புத் தவறுக்கு வருந்துகிறோம்". வருத்தம் இருப்பது நல்லது, அதை மனதோடு போய்ச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம். கம்பெனிக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. "தவறு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 11 கேள்விகளில் ஒன்று நேராகவே "உங்கள் ஓட்டுநரின் கவனக்குறைவுதான் காரணமா?" என்று கேட்டிருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். காலியிடம் சந்தேகத்தைக் கிளப்பும். "விபத்துக்கு யார் காரணம் என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது. நடந்த விவரங்களை, விபத்து எப்படி நடந்தது என்ற 4-ஆம் கேள்விக்கான பதிலில் கொடுத்துள்ளேன்" என்று எழுதுங்கள். சிலர் கடிதத் தலைப்பிலேயே "எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு, உள்ளே தாராளமாக ஒப்புக்கொண்டு எழுதுகிறார்கள். மேலே போட்ட அந்த வரி உள்ளே எழுதியதை அழித்துவிடாது.

மூன்றாவது வரிதான் கொஞ்சம் சிக்கலானது. செலவு முழுவதையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது நிபந்தனை தடுப்பது இதைத்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். "மூன்றாம் நபருக்குப் பணமோ வாக்குறுதியோ கொடுத்தீர்களா?" என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் அநேகமாக இருக்கும். இருந்தால், இல்லை என்று எழுதக்கூடாது. என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு ரூபாய், எதற்காகக் கொடுத்தீர்கள், வாயால் என்ன சொன்னீர்கள். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை அதே 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது. ஆகவே ஆம்புலன்ஸுக்கும் ஸ்கேனுக்கும் கொடுத்ததை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள், "நஷ்டஈடு" என்று பெயர் வைக்காதீர்கள். மனிதாபிமானத்தில் அவசரத்துக்குக் கொடுத்த சிறு தொகையைக் காட்டி ஒரு கிளைமை மறுத்ததாக என் மேசையில் நான் கண்டதில்லை. ஆனால் உங்கள் கம்பெனி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. இன்றிலிருந்து புதிதாக எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்து வெள்ளைத்தாளில் எழுதி முடிக்கும் சமரசத்துக்கும் கம்பெனியைக் கேட்காமல் உட்காராதீர்கள்.

நான்காவது வரியைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "வண்டிக்கு பர்மிட் இல்லை, தம்பிக்கு பேட்ஜ் இல்லை." இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இப்படி மொட்டையாக எழுதினால் இரண்டு விதிமீறல்களை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிறது. அவை விதிமீறலே அல்லாமல் இருக்கலாம்! ஆர்சி புத்தகத்தை எடுத்து மொத்த எடை என்ற இடத்தைப் பாருங்கள். சரக்கு ஏற்றியபின் வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை அது. குட்டியானை வகை வண்டிகளில் அது 3,000 கிலோவைத் தாண்டாது. 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பர்மிட் பற்றிய கேள்விக்குப் பதில், "ஆர்சிப்படி வண்டியின் மொத்த எடை இவ்வளவு கிலோ, ஆகையால் இதற்கு பர்மிட் தேவையில்லை, ஆர்சி நகல் இணைத்துள்ளேன்."

பேட்ஜும் அதே கதைதான். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி வேண்டுமா என்ற சண்டை பல வருஷம் நடந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்றது. அதைக் கம்பெனிகள் மறுபடி கேள்விக்கு உள்ளாக்க, 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு முந்திய தீர்ப்பே சரி என்று உறுதி செய்தது. எனவே லைசென்ஸ் கேள்விக்கு எண், வழங்கிய அலுவலகம், எந்த வகை வாகனத்துக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதி நகல் வையுங்கள். "பேட்ஜ் உண்டா?" என்று குறிப்பாகக் கேட்டிருந்தால், "தனி பேட்ஜ் இல்லை; இலகுரக வாகன லைசென்ஸ் நடப்பில் உள்ளது; வண்டி எடை இவ்வளவு" என்று சேர்த்து எழுதுங்கள். கேட்காவிட்டால் பேட்ஜ் என்ற சொல்லே வேண்டாம். விபத்து அன்று லைசென்ஸ் காலாவதியாகி இருந்ததா என்பதை மட்டும் கண்ணாடி போட்டுப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் அது நிஜமான பிரச்சனை. தேதியைத் திருத்தி எழுதி அதிலிருந்து தப்ப முடியாது. ஆர்டிஓ பதிவைக் கம்பெனி ஆன்லைனிலேயே பார்த்துவிடும்.

ஐந்தாவது, போன வருஷம் வண்டி இடிபட்டது. கேட்காத விவரத்தை எழுதலாமா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருந்த அளவுகோல் இது: இந்த வரியை எடுத்துவிட்டால், கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யாகிவிடுமா? ஆகாது என்றால் விட்டுவிடலாம். ஆகும் என்றால் கேட்காவிட்டாலும் எழுத வேண்டும். போன வருஷம் பின்கதவு நசுங்கி, அதைச் சரிசெய்தும் விட்டீர்கள் என்றால் இப்போது அதற்கு இங்கே இடமில்லை. முந்திய கிளைம் பற்றிக் கேட்டிருந்தால் தேதியும் எண்ணும் மட்டும் சொல்லுங்கள். ஆனால் போன வருஷம் அடிபட்டது இதே முன் இடது பக்கமாக இருந்து, சரிசெய்யாமலே ஓட்டியிருந்தால், "இந்த விபத்தில் ஏற்பட்ட சேதம் என்ன?" என்ற கேள்விக்கான பதிலில் அதைப் பிரித்துக் காட்டத்தான் வேண்டும். பழைய நசுங்கலைப் புதுக் கணக்கில் சேர்த்தால் அது மோசடி. சர்வேயர் துருவைப் பார்த்தே பழசைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதே அளவுகோல் வண்டியில் இருந்தவர்கள் விஷயத்திலும் பொருந்தும். "எத்தனை பேர் பயணம் செய்தார்கள்?" என்று கேட்டிருப்பார்கள். ஏற்றி இறக்க ஒரு ஆள் தார் மேலே உட்கார்ந்து வந்திருந்தால், கேபினில் இருந்த இருவரை மட்டும் எழுதுவது பொய். மூன்று பேர், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாமவர் என்ன வேலைக்காக வந்தார் என்று எழுதுங்கள். கம்பெனி அதை வைத்துக் கேள்வி எழுப்பலாம். ஆனாலும் எப்ஐஆரில் சாட்சியாக அவர் பெயர் வந்து, உங்கள் கடிதத்தில் அந்த ஆளே இல்லை என்றால் நிலைமை அதைவிட மோசமாகிவிடும்.

மறைத்ததால் போன கிளைம் ஒன்று இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டினான், அப்பா "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தார். காயம்பட்டவரைச் சேர்த்தபோது ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில், ஓட்டியவர் என்று மகன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஏஆர் காப்பி வந்த அன்றே அப்பாவின் கடிதம் முழுவதும் செல்லாக்காசாகிவிட்டது. அதில் உண்மையாக இருந்த மற்ற பதில்களையும் யாரும் நம்பவில்லை. ரிப்பேர் பணம் கிடைக்கவில்லை. தீர்ப்பாயம் கம்பெனியைப் பணம் கட்டச் சொல்லி, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் உத்தரவிட்டது.

உங்கள் 4-ஆம் கேள்விக்கு, தம்பி சொல்வது ஒத்துவருமானால், பதில் ஏறத்தாழ இப்படி அமையலாம். தூரம், நேரம் எல்லாம் நான் மாதிரிக்குப் போட்டவை; தம்பி சொன்னதை அந்த இடங்களில் வையுங்கள். "விபத்து நடந்தபோது நான் வண்டியில் இல்லை. ஓட்டுநர் என்னிடம் சொன்னதைக் கீழே தருகிறேன். 14-ஆம் தேதி அதிகாலை சுமார் 4.40 மணிக்கு வண்டி சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி நோக்கி வந்துகொண்டிருந்தது. முகப்பு விளக்குகள் எரிந்தன. மழை இல்லை. பத்தமடைக்கு முன்னால் இடதுபுறத் தெருவிலிருந்து இருசக்கர வாகனம் ஒன்று மெயின் ரோட்டுக்கு வந்தது. சுமார் 20 அடி தூரத்தில் அதைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் பிடித்தார். வண்டியின் முன் இடது மூலை பைக்கின் பின்சக்கரப் பகுதியில் பட்டது. பைக்கை ஓட்டியவர் கீழே விழுந்தார். ஓட்டுநர் 108-க்கு போன் செய்தார். வேகமானியைப் பார்க்கவில்லை என்று ஓட்டுநர் சொல்கிறார். மூன்றாவது கியரில் இருந்ததாகச் சொல்கிறார்." இதில் "திடீரென்று", "குறுக்கே பாய்ந்து" என்று பைக்காரர் மேல் பழி போடும் சொற்களும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் மேல் தீர்ப்பு எழுதக்கூடாது என்றால் அடுத்தவர் மேலும் எழுதக்கூடாது. அப்படிப்பட்ட சொற்களைப் படிக்கும் அதிகாரி மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சுமார் 50 இருக்கும்" என்று தம்பி உறுதியாகச் சொன்னால் அதை எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஒரு எண்ணை இட்டு நிரப்ப வேண்டாம். வாகன ஆய்வாளர் அறிக்கை, போலீஸ் வரைபடம், பார்வை மகஜர் எல்லாவற்றோடும் உங்கள் பதிலை வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி ஓட்டுநர் படிவம் 3-ம், உரிமையாளர் படிவம் 4-ம் போலீஸுக்குக் கொடுக்க வேண்டியவை. அவற்றைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதிலை எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியதில் தவறு இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி எழுதாதீர்கள். "முன்பு 5 மணி என்று குறிப்பிட்டிருந்தேன், போன் பதிவைப் பார்த்ததில் 4.40 என்று தெரிகிறது" என்று காரணத்தோடு திருத்துங்கள்.

கடிதத்துக்குப் பிறகு ஒரு விசாரணை ஆளும் வரக்கூடும். டீக்கடையிலோ உங்கள் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து, பேசிக்கொண்டே வெள்ளைத்தாளில் உங்கள் வாக்குமூலத்தை அவரே எழுதுவார். நல்லவராகவே இருப்பார். ஆனால் நீங்கள் "அவன் கொஞ்சம் வேகமாத்தான் வருவான்" என்று பொதுவாகச் சொன்னது, தாளில் "சம்பவத்தன்று அதிவேகமாக ஓட்டி வந்தார்" என்று ஏறிவிடும். முழுவதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவறான வரியை அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கக்கூடாது என்று அவர் சொன்னால், எழுத்தில் பதில் கொடுக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

7 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள். எல்லா ஆவணமும் சேரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இருப்பதை அனுப்பி, "வாகன ஆய்வாளர் அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் தருகிறேன்" என்று எழுதுங்கள். கேள்வி எண் போட்டு அதே வரிசையில் பதில் சொல்லுங்கள். "வேறு ஏதேனும் விவரம்?" என்ற கடைசிக் கேள்விதான் பலரை மனம் திறக்க வைத்துவிடும். அங்கே, "குறிப்பாக வேறு விவரம் தேவைப்பட்டால் எழுத்தில் கேட்கவும், தருகிறேன்" என்பது போதும். ஓட்டியபோது நடந்ததைத் தம்பி தன் கையெழுத்தில் தனித்தாளில் கொடுக்கட்டும், வக்கீலைப் பார்த்தபின். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தூரமென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பின் செய்து வையுங்கள். மெயிலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

ஐகிரவுண்டில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் பயந்து போகாமல் இருந்துவிடுகிறார்கள். போங்கள். போய்ப் பார்ப்பதை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை. கால் எப்படி இருக்கிறது, ஆபரேஷன் எப்போது என்று விசாரியுங்கள். வீட்டார், "எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டால், பாலிசி நகல் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நீங்க கேக்க வேண்டியதை முழுசாக் கேளுங்க, நாங்க குறுக்க நிக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள்.